ஈசூன் வாடகை வீடு: கேமரா, மின்னிலக்கப் பூட்டு பற்றிய விதிமுறை

இது வாடகை ஒப்பந்தத்தோடு சேர்ந்தது. மூன்று அறைகளில் குடியிருப்பவர்களையும் வீட்டு உரிமையாளராகிய என்னையும் ஒரே அளவில் கட்டுப்படுத்தும்.

இந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு கேமரா. வாசல் கேட்டுக்கு மேலே, உள்பக்கத்திலிருந்து தாழ்வாரத்தைப் பார்க்கிறது. 2023 மே மாதம் முதல் இப்படி வீட்டுக்குள் பொருத்தும் கேமராவுக்கு சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவின் அனுமதி தேவையில்லை. ஆனால் அண்டை வீட்டுக் கதவையோ சன்னலையோ அது நேராகப் பார்க்கக் கூடாது. நம் கேமராவில் கால்மிதியும் கேட்டும் மட்டுமே தெரியும். குடிவரும் நாளில் அந்தப் படத்தை என் போனில் உங்களுக்குக் காட்டுவேன். ஒலி பதிவாகாது. 14 நாளில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். பார்சல் காணாமல் போனாலோ யாராவது தொந்தரவு செய்தாலோ மட்டும், கேட்டவரோடு உட்கார்ந்து பதிவைப் பார்ப்பேன். போலீஸ் கேட்டால் கொடுப்பேன், உங்களுக்கும் சொல்வேன்.

கூடம், சமையலறை, துணி காயும் இடம், குளியலறை, படுக்கையறை எங்கும் கேமரா கிடையாது, இனியும் வராது. உங்கள் அறைக்குள் நீங்கள் வைத்துக்கொள்ளலாம். அறைக் கதவு திறக்கும்போது கூடம் படத்தில் விழக் கூடாது. ஒளித்து வைத்த கேமரா எதையாவது கண்டால் தொடாமல் போலீசை அழையுங்கள், அது என்னுடையதாக இருந்தாலும் சரி. ஒருவரின் அந்தரங்கத்தை மறைந்திருந்து படமெடுப்பது 2020 முதல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம்.

வாசல் கதவின் மின்னிலக்கப் பூட்டு விஷயத்தில் நான் தவறு செய்திருக்கிறேன். முன்பு குடியிருந்த ஒரு தாதி, இரவுப் பணி முடிந்து வந்த ஒரு காலையில், "அக்கா, நான் எத்தனை மணிக்கு வர்றேன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரிந்திருந்தது. ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் செயலி என் போனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தவே இல்லை. அந்தப் பெண் எப்போது வருகிறார், போகிறார் என்பது என் வேலையே இல்லை.

இப்போது அந்த அறிவிப்பை அணைத்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு, அதை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். கைரேகை கட்டாயமில்லை. வரவு-போக்குப் பதிவை மாதம் ஒருமுறை அழிப்பேன். திருட்டுப் புகார் இருந்தால் மட்டும், புகார் செய்தவர் முன்னிலையில் திறந்து பார்ப்பேன். வாடகை பாக்கி, விருந்தாளி, மின்கட்டணச் சண்டை இவற்றுக்கு அந்தப் பதிவும் கேமராவும் சாட்சியாகாது. வாடகை தாமதமானாலும் எண்ணை முடக்கி யாரையும் வெளியே நிறுத்த மாட்டேன்.

அறைகளுக்குச் சாதாரணச் சாவிதான். என்னிடம் உள்ள மாற்றுச் சாவியைப் பயன்படுத்த 24 மணி நேரத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் சொல்லி, உங்கள் சம்மதம் வாங்குவேன். தீ, தண்ணீர்க் கசிவு, உயிராபத்து மட்டும் விலக்கு. அப்புறம் வந்த நேரத்தையும் காரணத்தையும் எழுதி அனுப்புவேன். பேட்டரி தீர்ந்தால் திறக்க, வாசல் கதவின் இயந்திரச் சாவி ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கும்.

காலி செய்யும் நாளில் உங்கள் எண்ணையும் கைரேகையையும் உங்கள் எதிரிலேயே நீக்குவேன். அதைப் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள்.