வாய்க்கால் பாலத்து பீம்: வெட்டு விசைப் படமும் வளைவுத் திருப்புத்திறன் படமும்

சிவில் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு, வகுப்புக் குறிப்பு. கிராஃப் தாள், ஸ்கேல், பென்சில் மூன்றும் கையில் இருக்கட்டும். பேனாவால் வரைந்தால் திருத்த மாட்டேன்.

பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் வயலுக்குப் போக ஒரு சின்னப் பாலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கரையிலும் கல் கட்டடம், நடுவே 6 மீட்டர். அதன் மேல் 230 × 450 மி.மீ. கான்கிரீட் பீம் இரண்டு, மேலே 150 மி.மீ. ஸ்லாப். பீம் கரையோடு இறுகக் கட்டப்படவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. இதைத்தான் எளிய தாங்கு பீம் என்கிறோம்.

இரண்டில் ஒரு பீமை மட்டும் எடுப்போம். கம்பி போட்ட கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு 25 kN. பீமின் சொந்த எடை மீட்டருக்கு ஏறத்தாழ 2.6 kN. அதன் பங்குக்கு 1 மீட்டர் அகல ஸ்லாப், அது 3.75 kN. ஆள் நடமாட்டத்தையும் சேர்த்து முழு எண்ணாக 10 kN/m என்று வைக்கிறேன். இது பீம் நெடுகப் பரவிய சுமை. பிசானம் அறுத்து முடிந்ததும் மூட்டைகளைப் பாலத்திலேயே அடுக்கிவிட்டு வண்டிக்குக் காத்திருப்பார்கள் அல்லவா? அந்த அடுக்கில் இந்த பீமுக்கு வரும் பங்கு 12 kN. இடக்கரை A-யில் இருந்து 2 மீட்டரில் இருக்கிறது. அந்தப் புள்ளி C. வலக்கரை B.

முதலில் கரைகள் எவ்வளவு தாங்குகின்றன என்று பார்ப்போம். பரவிய சுமை மொத்தம் 60 kN. அது நடுவில், 3 மீட்டரில் நிற்பதாகக் கொள்ளலாம். A-யைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால்:

```
R_B × 6 = 12 × 2 + 60 × 3 = 204
R_B = 34 kN
R_A = 72 − 34 = 38 kN
```

மூட்டை A பக்கம் இருப்பதால் A-க்குக் கூடுதல். எண் போட்டு முடித்ததும் இதை ஒரு தடவை மனதுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். கனமான பக்கத்துக்குக் குறைவாக வந்தால் எங்கோ பிசகியிருக்கிறது.

அடுத்து வெட்டு விசை. குறி விதி ஒன்றே ஒன்று: வெட்டிய இடத்துக்கு இடப்பக்கம் உள்ள விசைகளை மட்டும் கூட்டுங்கள், மேல்நோக்கினால் +, கீழ்நோக்கினால் −. A-யில் நேராக 38-க்கு ஏறுகிறோம். அங்கிருந்து மீட்டருக்கு 10 வீதம் சரிவாக இறங்கி, C-க்குச் சற்று இடப்புறம் 18. அங்கே மூட்டையின் 12 ஒரே அடியாகக் கீழே இழுக்க, C-க்குச் சற்று வலப்புறம் 6. ஆக, C-யில் இரண்டு மதிப்பு. ஒன்றை மட்டும் எழுதினால் பாதி மார்க்தான். அப்புறம் அதே சரிவு, B-யில் −34. அங்கே கரை 34 மேலே தள்ள, கோடு பூச்சியத்தில் மூடிவிடும். மூடவில்லையா, திருப்புத்திறன் பக்கம் போகவே வேண்டாம். ரியாக்ஷனைத் திரும்பப் போடுங்கள்.

C-க்கு வலப்புறம் 6-ல் தொடங்கி மீட்டருக்கு 10 இறங்கும் கோடு 0.6 மீட்டரில் பூச்சியத்தைத் தொடும். அதாவது A-யில் இருந்து 2.6 மீட்டர். இந்தப் புள்ளியைத் தாளில் வட்டமிட்டு வையுங்கள்.

திருப்புத்திறனுக்கு நீளமான சமன்பாடு எழுதுவதைவிட வெட்டு விசைப் படத்தின் பரப்பைக் கூட்டுவது எனக்குப் பிடிக்கும். ஒரு இடம் வரைக்கும் உள்ள பரப்பே அந்த இடத்தின் திருப்புத்திறன். பீம் தொய்ந்தால் +.

```
A → C    : (38 + 18)/2 × 2 = 56
C → 2.6 m: 6 × 0.6/2       = 1.8
M_max    = 56 + 1.8        = 57.8 kN·m
B பக்கம் : 34 × 3.4/2      = 57.8   (சரி)
```

B பக்கம் இருந்தும் அதே எண் வருகிறது. பரிட்சையில் இந்தக் கடைசி வரிக்கு அரை நிமிடம்கூட ஆகாது. தயவுசெய்து போடுங்கள்.

வருஷா வருஷம் வரும் தப்பு இந்த இடத்தில்தான். "சார், மூட்டை இருக்கிற இடத்துலதான அதிகமா வளையும்?" என்று ஒருவர் 56 எழுதுவார். "நடுவுலதான் சார்" என்று பக்கத்து பெஞ்சு 57 எழுதும். இரண்டும் அந்தந்த இடத்துக்குச் சரியான மதிப்புகள்தான், உச்சம் மட்டும் அங்கே இல்லை. வெட்டு விசை + ஆக இருக்கும் வரை பரப்பு சேர்ந்துகொண்டே போகும். − ஆனதும் கரையத் தொடங்கும். அதனால் குறி மாறும் இடம், நாம் வட்டமிட்ட 2.6 மீட்டர், அதுதான் உச்சம். இந்தக் கணக்கில் வித்தியாசம் ரொம்பச் சின்னது, சைட்டில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் ஊகித்து எழுதும் பழக்கம் சுமை ஒரு ஓரமாகக் கனக்கும் பீமில் காலை வாரிவிடும்.

இனி தாள். கிடையாக 1 செ.மீ. = 0.5 மீ., பீம் 12 செ.மீ. நீளம் வரும். நெடுக்காக 1 செ.மீ. = 10 kN, கீழ்ப் படத்துக்கு 1 செ.மீ. = 10 kN·m. மேலே பீம், அதன் கீழே வெட்டு விசை, அதற்கும் கீழே திருப்புத்திறன். A, C, 2.6, B நான்கில் இருந்தும் மெல்லிய கோடு மேலிருந்து கீழ் வரை இறங்கட்டும். மூன்று படமும் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்காவிட்டால் வரைந்ததே வீண்.

```
x (m)   : 0   1   2   2.6   3   4   5   6
M (kN·m): 0  33  56  57.8  57  48  29   0
```

வெட்டு விசைக்கு ஸ்கேல் போதும், எல்லாம் நேர்கோடு. திருப்புத்திறனுக்கு ஸ்கேலைக் கீழே வையுங்கள். பரவிய சுமை இருக்கும் இடமெல்லாம் வளைகோடு, வயிறு மேல்நோக்கி. A-யில் கூடுதல் சரிவோடு ஏறி, போகப்போகப் படுத்து, 2.6-ல் மட்டமாகும். C-யில் ஒரு சின்ன முறிவு தெரிய வேண்டும். அங்கே சரிவு 18-ல் இருந்து சட்டென்று 6 ஆகிறதே. அதை வழுவழுப்பாக இழைத்துவிட்டால் மூட்டையையே படத்தில் இருந்து தூக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வீடு கட்டும் சைட்டில் பீமுக்குக் கம்பி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓரங்களில் ரிங்கை நெருக்கிக் கட்டி, நடுவில் எட்டி எட்டிக் கட்டுவார்கள். ஏன் என்று ஒருவரிடம் கேட்டேன். "எங்க கொத்தனார் அப்படித்தான் சொல்லிக்குடுத்தாரு சார்" என்றார். அவர் கைப்பழக்கத்தில் நம் வெட்டு விசைப் படம் அப்படியே இருக்கிறது: ஓரத்தில் 38, 34, நடுவில் ஒன்றுமில்லை. சாய்ந்த விரிசல் கரையோரம்தான் விழும், அதைப் பிடித்து வைப்பது ரிங். நடுவில் அடிப்பக்கம் நேர்குத்தாக விழும் விரிசலுக்கு அடிக்கம்பி. அது கீழ்ப் படத்தின் வேலை.

வீட்டுக் கணக்கு இரண்டு. ஒன்று: மூட்டைகளை நடுவுக்கு, 3 மீட்டருக்கு நகர்த்தி இரு படமும் வரைக. உச்சம் 63 kN·m வர வேண்டும். இரண்டு: உச்சத் திருப்புத்திறன் சரியாக மூட்டைக்குக் கீழே விழ, A-யில் இருந்து குறைந்தது எவ்வளவு தூரத்தில் அடுக்க வேண்டும்? விடை 2.5 மீ. வழி எனக்கு வேண்டும், விடை மட்டும் எழுதி வந்தால் பக்கத்தில் யாருடைய நோட்டு இருந்தது என்று கேட்பேன்.