தரவு விளக்கப் பயிற்சித் தாள்கள்: நம் புவியியல் பாடநூலின் மூன்று தரவுகளிலிருந்து

குழுவில் உள்ள எல்லோருக்கும்,

கடையில் வாங்கும் தரவு விளக்கப் புத்தகங்களில் "நிறுவனம் அ, நிறுவனம் ஆ" என்று யாருக்கும் தொடர்பில்லாத எண்கள்தான் இருக்கும். போட்ட கணக்கு சரியா தவறா என்று அந்த எண்களைப் பார்த்து உணர முடியாது. நம் பாடநூலில் உள்ள படங்கள் அப்படியல்ல. வியாழன் பூமியைவிட மிகப் பெரியது என்று தெரிந்தவருக்கு விடை 1.12 என்று வந்தால் உடனே சந்தேகம் வரும். அதனால்தான் இந்தத் தாள்களைப் பாடநூலிலிருந்தே தயாரித்திருக்கிறேன். பாடமும் சேர்ந்தே மனதில் நிற்கும்.

மொத்தம் 14 கேள்விகள், நேரம் 25 நிமிடம். கால்குலேட்டர் வேண்டாம். ஒவ்வொரு தாளையும் முடித்த பிறகே அதன் கீழுள்ள விளக்கத்தைப் படியுங்கள்.

தொடங்கும் முன் இந்தப் பின்னங்கள் மனப்பாடமாக இருக்கட்டும்: 1/6 = 16.67%, 1/7 = 14.28%, 1/8 = 12.5%, 1/9 = 11.11%, 1/11 = 9.09%, 1/12 = 8.33%. மற்றவற்றை இவற்றிலிருந்தே பெறலாம். 3/8 வேண்டுமானால் 12.5-ஐ மூன்றால் பெருக்கினால் போதும்.

தாள் 1: உலக மக்கள்தொகை (அட்டவணை)

கோடியில், அருகிலுள்ள 10 கோடிக்கு முழுமையாக்கியது.

| ஆண்டு | மக்கள்தொகை |
|---|---|
| 1950 | 250 |
| 1960 | 300 |
| 1970 | 370 |
| 1980 | 440 |
| 1990 | 530 |
| 2000 | 610 |
| 2010 | 700 |
| 2020 | 780 |

1. 1950 முதல் 2020 வரை மக்கள்தொகை எத்தனை சதவீதம் அதிகரித்தது?
(அ) 68 (ஆ) 212 (இ) 312 (ஈ) 530

2. எந்தப் பத்தாண்டில் வளர்ச்சி சதவீதம் மிக அதிகம்? இரண்டாவது இடம் எதற்கு?

3. ஒரு பத்தாண்டுக்குச் சராசரியாக எத்தனை கோடி கூடியது?
(அ) 66.3 (ஆ) 75.7 (இ) 88.3 (ஈ) 97.5

4. 1990, 2000, 2010, 2020 ஆகிய நான்கு ஆண்டுகளின் சராசரி என்ன?

5. 2010–2020 பத்தாண்டின் வளர்ச்சி சதவீதமே அடுத்த பத்தாண்டிலும் தொடர்ந்தால், 2030-இல் எவ்வளவு இருக்கும்?

*விளக்கம்*

கேள்விகளைப் பார்க்கும் முன்பே அட்டவணையின் ஓரத்தில் வித்தியாசங்களை எழுதிவிடுங்கள்: 50, 70, 70, 90, 80, 90, 80. பத்து விநாடி வேலைதான், மூன்று கேள்விகளுக்கு உதவும்.

1. விடை (ஆ). அதிகரிப்பு 530. அதை 250-ஆல் வகுக்க வேண்டியதில்லை. 25-ஆல் வகுப்பதும் நான்கால் பெருக்கி நூறால் வகுப்பதும் ஒன்றுதான் என்பதால் 53 × 4 = 212. மற்ற தெரிவுகள் எங்கிருந்து வந்தன என்றும் பாருங்கள். 780/250 போட்டவருக்கு 312 வரும். அது "எத்தனை சதவீதம் ஆனது" என்பதற்கான விடை. கடைசி எண்ணால் வகுத்தவருக்கு 68 வரும்.

2. ஏழு வகுத்தல்களும் தேவையில்லை. கடைசி மூன்று பத்தாண்டுகளில் அடிப்படை எண் 530 அல்லது அதற்கு மேல், அதிகரிப்பு 90-ஐத் தாண்டவில்லை. 20 சதவீதத்துக்கு 106 வேண்டும், எனவே அவற்றை விட்டுவிடலாம். 70 கூடிய பத்தாண்டுகள் இரண்டு. அதிகரிப்பு சமமாக இருந்தால் சிறிய அடிப்படைதான் வெல்லும், ஆகவே 70/370 தோற்கிறது. மீதி மூன்று: 50/250 சரியாக 20%. 70/300 என்பது 23 சொச்சம். 90/440-ஐ 90/450-உடன் ஒப்பிடுங்கள். அது 20%, இது அதைவிடச் சற்றுக் கூடுதல். முதலிடம் 1960–70, இரண்டாமிடம் 1980–90.

இந்த இரண்டாமிடத்தைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். எண்கள் முழுமையாக்கப்பட்டவை. 440 என்பது 435-இலிருந்து 445 வரை எதுவாகவும் இருக்கலாம். 20-க்கும் 20.45-க்கும் உள்ள இடைவெளி அந்த அளவுக்குத் தாங்காது. துல்லியமான எண்களை எடுத்தால் வரிசை மாறக்கூடும். தேர்வில் "அட்டவணையின்படி" என்றுதான் கேட்பார்கள், அதன்படி எழுதுங்கள். ஆனால் பாடத்தில் கட்டுரை எழுதும்போது "1980–90 முந்தியது" என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

3. விடை (ஆ). ஏழு வித்தியாசங்களையும் கூட்ட வேண்டாம். அவற்றின் கூட்டுத்தொகை எப்போதும் கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் வருவதே. 530/7 = 75.7. எட்டு ஆண்டுகள் இருந்தாலும் இடைவெளிகள் ஏழுதான். எட்டால் வகுத்தவர் 66.3-இல் விழுவார்.

4. ஓரத்து எண்களை ஜோடி சேருங்கள். 530 + 780 = 1310, 610 + 700 = 1310. இரண்டு ஜோடியும் சமம், எனவே சராசரி 655.

5. 700-க்கு 80 கூடியது. இப்போது அடிப்படை 780, அதாவது பழைய 700-ம் கூடுதலாக 80-ம். பழைய 700-க்கு அதே 80, புது 80-க்கு அதில் ஒன்பதில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலாக, அதாவது 80 × 80/700 = 9.1. மொத்தம் 780 + 89 = 869 கோடி. இது வெறும் கணக்குப் பயிற்சி. சதவீதம் 1980-களிலிருந்து குறைந்துவந்திருப்பதை அட்டவணையே காட்டுகிறது.

தாள் 2: புவி மேலோட்டின் தனிமங்கள் (வட்ட விளக்கப்படம்)

நிறையின்படி, சதவீதத்தில்: ஆக்சிஜன் 46.6, சிலிக்கான் 27.7, அலுமினியம் 8.1, இரும்பு 5.0, கால்சியம் 3.6, சோடியம் 2.8, பொட்டாசியம் 2.6, மெக்னீசியம் 2.1, பிற 1.5.

6. சிலிக்கான் பகுதியின் மையக் கோணம் என்ன?

7. 18° கோணம் உள்ள பகுதி எந்தத் தனிமம்?

8. ஆக்சிஜனும் சிலிக்கானும் சேர்ந்து மீதி எல்லாவற்றையும்போல் ஏறத்தாழ எத்தனை மடங்கு?
(அ) 2.3 (ஆ) 2.9 (இ) 3.4 (ஈ) 3.9

9. இதே சராசரிக் கலவை கொண்ட 250 கிலோ பாறையில் இரும்பைவிட அலுமினியம் எவ்வளவு அதிகம்?

10. இரும்பின் அளவு அலுமினியத்தைவிட எத்தனை சதவீதம் குறைவு?
(அ) 3.1 (ஆ) 38 (இ) 62 (ஈ) 81

*விளக்கம்*

6. ஒரு சதவீதம் 3.6°. இதை நேராகப் பெருக்காமல் 25% = 90° என்பதிலிருந்து தொடங்குங்கள். மீதி 2.7 × 3.6 = 9.7. மொத்தம் 99.7°.

7. 18/3.6 = 5, எனவே இரும்பு. கால்சியத்தின் 3.6 என்ற எண்ணைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அது சதவீதம், அதன் கோணம் ஏறத்தாழ 13°.

8. விடை (ஆ). 74.3-க்கு 25.7. சரியாக முக்கால் பங்கு இருந்தால் விகிதம் 3. நம்மிடம் முக்காலுக்குச் சற்றுக் குறைவு, எனவே 3-க்குச் சற்றுக் குறைவு. தெரிவுகள் இவ்வளவு விலகி இருக்கும்போது வகுத்துப் பார்ப்பது நேர விரயம்.

9. முதலில் கழியுங்கள், பிறகு ஒரே ஒரு முறை பெருக்குங்கள். 8.1 − 5.0 = 3.1%. 1000 கிலோவுக்கு 31 கிலோ, 250 அதில் கால் பங்கு: 7.75 கிலோ. தனித்தனியாக 20.25, 12.5 என்று கண்டுபிடித்துக் கழிப்பவருக்குப் பெருக்கல் இரண்டு.

10. விடை (ஆ). பலரும் இங்கேதான் மதிப்பெண் இழக்கிறார்கள். 3.1 என்பது சதவீதப் புள்ளிகளின் வித்தியாசம். கேட்டது அலுமினியத்தை அடிப்படையாக வைத்து: 3.1/8.1. "விட" என்ற சொல் எதனோடு ஒட்டியிருக்கிறதோ அதுதான் கீழே வரும். 3/8 = 37.5%. ஒன்றுக்குக் குறைவான பின்னத்தின் மேலும் கீழும் ஒரே எண்ணைக் கூட்டினால் மதிப்பு கொஞ்சம் ஏறும், ஆக 38. "அலுமினியம் இரும்பைவிட எத்தனை சதவீதம் அதிகம்" என்றிருந்தால் 3.1/5 = 62.

தாள் 3: கோள்களின் நடுக்கோட்டு விட்டம் (பட்டை விளக்கப்படம்)

கிலோமீட்டரில்: புதன் 4,879; வெள்ளி 12,104; பூமி 12,756; செவ்வாய் 6,792; வியாழன் 1,42,984; சனி 1,20,536; யுரேனஸ் 51,118; நெப்டியூன் 49,528.

11. வியாழனின் விட்டம் பூமியின் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு?

12. செவ்வாயின் விட்டம் பூமியின் விட்டத்தில் எத்தனை சதவீதம்?

13. உட்கோள்கள் நான்கின் விட்டங்களையும் கூட்டினால் நெப்டியூன் விட்டத்தில் எத்தனை சதவீதம்?
(அ) 54 (ஆ) 64 (இ) 74 (ஈ) 84

14. இந்தப் படத்தை மட்டும் கொண்டு வியாழனின் நிறை பூமியின் நிறையைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்ல முடியுமா?

*விளக்கம்*

11. 143-ஐ 12.75-ஆல் வகுக்க வேண்டும். 12.75 × 11 = 140.25. மீதி 2.75, அதாவது 0.2 சொச்சம். விடை 11.2.

12. பாதியிலிருந்து தொடங்குங்கள். 12,756-இல் பாதி 6,378. செவ்வாய் அதைவிட 414 அதிகம். 1% ஏறத்தாழ 128, எனவே 414 என்பது 3.2%. விடை 53.2%. 50, 25, 10, 1 என்று படிப்படியாக இறங்கும் இந்த முறையைத்தான் நான் மற்ற எல்லாக் குறுக்குவழிகளுக்கும் மேலாக நம்புகிறேன். எந்த எண் வந்தாலும் வேலை செய்யும், மறந்துபோகவும் எதுவுமில்லை.

13. விடை (இ). ஆயிரத்தில் எழுதுங்கள்: 4.9 + 12.1 + 12.8 + 6.8 = 36.6. கீழே 49.5. கீழ் எண் ஏறத்தாழ 50, அதனால் மேலே உள்ளதை இரட்டிப்பாக்கினால் 73.2. கீழ் எண் 50-ஐவிட 1% குறைவு, ஆகவே விடையை 1% கூட்டினால் 74.

14. முடியாது. விட்டத்திலிருந்து கன அளவைத் தோராயமாகப் பெறலாம்: 11.2-இன் மும்மடி ஏறத்தாழ 1,400. அதையே நிறை என்று எழுதினால் பெரிய தவறு. வியாழனின் நிறை பூமியைப்போல் ஏறத்தாழ 318 மடங்குதான், ஏனெனில் அதன் அடர்த்தி மிகக் குறைவு. அடர்த்தி இந்தப் படத்தில் இல்லை. "தரவு போதாது" என்பதும் ஒரு விடைதான், அதைத் தைரியமாகக் குறிக்கப் பழக வேண்டும்.

அடுத்த சந்திப்புக்கு

நீர்க்கோளம் பாடத்தில் உள்ள நீர்ப் பரவல் படத்தை எடுத்து ஒவ்வொருவரும் ஐந்து கேள்விகள் தயாரித்து வாருங்கள். வித்தியாசம், விகிதம், சதவீத மாற்றம், சராசரி ஆகியவற்றில் தலா ஒன்று, தரவு போதாத கேள்வி ஒன்று. தவறான தெரிவுகளைக் குத்துமதிப்பாக எழுத வேண்டாம். ஒவ்வொன்றும் யாராவது உண்மையிலேயே செய்யக்கூடிய தவறிலிருந்து வர வேண்டும்: அடிப்படையை மாற்றி வகுப்பது, இடைவெளிக்குப் பதில் ஆண்டுகளை எண்ணுவது, அலகை மறப்பது. எண்களைப் பாடநூலில் உள்ளபடியே வையுங்கள், வசதிக்காக மாற்றாதீர்கள். வகுபடாத எண்ணாக இருந்தால் தெரிவுகளை விலக்கி வையுங்கள், தோராயம் போதும்படி ஆகிவிடும்.

விளக்கத்தைத் தனித் தாளில் எழுதி வாருங்கள். சந்திப்பில் தாள்களை மாற்றிக்கொள்வோம், ஒருவர் தாளை இன்னொருவர் பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும்.