138-ம் 184-ம் கூடி 230 ஆவது எப்படி? உங்கள் ஏசி ஸ்லைடுகளுக்கு ஒரு விளக்கம்

ஏழாம் ஸ்லைடில் 230 V, 50 Hz சப்ளையோடு 30 Ω ரெசிஸ்டரும் 127 mH இண்டக்டரும் தொடராக இருக்கின்றன. ரெசிஸ்டரில் 138 V, இண்டக்டரில் 184 V. கூட்டினால் 322 வருகிறது. சப்ளையோ 230 தான். "கிர்க்காஃப் விதி ஏசியில் பொருந்தாதா?" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான் இது. இதற்கு விடை கிடைத்துவிட்டால் ஃபேசர் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

விதி பொருந்தும். எந்த நொடியை எடுத்தாலும் அந்த நொடியின் இரண்டு மின்னழுத்தங்களும் கூடி சப்ளைக்குச் சமமாகவே இருக்கும். ஆனால் 138, 184 என்பவை ஒரே நொடியின் அளவுகள் அல்ல, முழு அலைக்கும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் ஆர்எம்எஸ் மதிப்புகள். இண்டக்டர் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது ரெசிஸ்டர் மின்னழுத்தம் சுழியில் இருக்கும். வெவ்வேறு நேரத்தில் உச்சம் தொடும் அலைகளின் ஆர்எம்எஸ் மதிப்புகளை நேராகக் கூட்டியதால்தான் 322 வந்தது.

இந்த நேர வித்தியாசத்தையும் சேர்த்துச் சொல்லும் எண்தான் ஃபேசர். படத்தில் அதைச் சுழலும் ஓர் அம்பாக வரைவோம். நான்காம் ஸ்லைடில் `325 cos(314t)` என்பது அடுத்த வரியில் `230∠0°` ஆகிறது. 325 உச்சம், அதை √2-ஆல் வகுத்தால் 230. 314 என்பது 2π × 50, அதாவது சுழலும் வேகமான `ω`. அது ஏன் காணாமல் போனது? சுற்றில் உள்ள எல்லா அம்புகளும் அதே வேகத்தில் சுழல்கின்றன. எல்லாம் சேர்ந்து சுழலும்போது ஒன்றுக்கொன்று உள்ள கோணம் மாறாது. ஆகவே சுழற்சியை நிறுத்தி நீளத்தையும் கோணத்தையும் மட்டும் எழுதுகிறோம். 50 Hz, 100 Hz இரண்டும் கலந்த சுற்றில் இரண்டையும் ஒரே ஃபேசர் படத்தில் கூட்டக்கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்.

அடுத்து `j`. மின்னோட்டத்துக்கு `i` போய்விட்டதால் மின்பொறியியலில் √−1-க்கு இந்த எழுத்து. ஓர் அம்பை `j`-ஆல் பெருக்கினால் அது இடஞ்சுழியாக 90° திரும்பும். இண்டக்டரின் விதி `v = L di/dt`. `cos(314t)`-ஐ வகையிட்டுப் பாருங்கள்: அளவு 314 மடங்காகும், அலை 90° முந்தும். 314 மடங்கும் 90° திருப்பமும் சேர்ந்தால் அதுதான் `jω`-ஆல் பெருக்குவது! வகையிடல் வெறும் பெருக்கலாகிவிட்டது. எனவே `V = jωL·I`. உங்களுக்குப் பழக்கமான `V = R·I`-இன் அதே வடிவம். `R` இருந்த இடத்தில் வந்து உட்காரும் `jωL`-தான் இம்பீடன்ஸ். கெபாசிட்டரில் `i = C dv/dt` என்பதால் அது `1/(jωC)`, அதாவது `−j/(ωC)`.

நம் இண்டக்டருக்கு `ωL` = 314 × 0.127, சுமார் 40 Ω. இனி டிசியில் செய்ததையே செய்யலாம்:

```
Z  = 30 + j40 = 50∠53.13° Ω
I  = 230∠0° / Z = 4.6∠−53.13° A
VR = 30 × I  = 138∠−53.13° V
VL = j40 × I = 184∠36.87° V
```

இரண்டு மின்னழுத்தங்களுக்கும் நடுவே சரியாக 90°. ஆகவே √(138² + 184²) = 230. தொடர், இணை, மின்னழுத்தப் பகிர்வு, தெவினின் எல்லாமே இப்படியே செல்லும். ω = 0 என்று போட்டால் `jωL` சுழியாகும், கெபாசிட்டர் திறந்த சுற்றாகும்; டிசியில் நீங்கள் படித்ததே திரும்ப வரும்.

டிசி பழக்கம் ஏமாற்றும் இடம் பதினோராம் ஸ்லைடு. அதே சுற்றில் 80 µF கெபாசிட்டரைத் தொடராகச் சேர்க்கிறார்கள். அதன் இம்பீடன்ஸ் சுமார் −j40. இண்டக்டரின் +j40-ஐ அது நீக்கிவிட, மிஞ்சுவது 30 Ω மட்டும். தொடராக ஒன்றைச் சேர்த்தும் மின்னோட்டம் 4.6-இலிருந்து 7.67 A-க்கு ஏறுகிறது. கெபாசிட்டரில் மட்டும் சுமார் 307 V, சப்ளையைவிட அதிகம். "சப்ளை 230 தானே" என்று 250 V ஏசி தாங்கும் கெபாசிட்டரைப் போட்டால் அது பழுதாகும்.

கணக்கு தப்பும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. `314t` ரேடியனில் இருக்க 53.13° பாகையில் இருப்பது. கால்குலேட்டரில் இரண்டையும் கலக்கக்கூடாது. மின்னழுத்தத்துக்கு உச்சமும் மின்னோட்டத்துக்கு ஆர்எம்எஸும் எடுப்பது. மூன்றாவது, திறனை 230 × 4.6 = 1058 W என்று எழுதுவது. அது 1058 VA. வெப்பமாகச் செலவாவது ரெசிஸ்டரில் மட்டும்: 4.6² × 30 = 634.8 W. இண்டக்டர் வாங்கிய ஆற்றலை ஒவ்வொரு சுழற்சியிலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

கெபாசிட்டர் இல்லாத ஏழாம் ஸ்லைடு சுற்றை 100 Hz-இல் நீங்களே போட்டுப் பாருங்கள். `Z` 85.4∠69.4° Ω, மின்னோட்டம் 2.69 A என்று வரவேண்டும். 2.3 A வந்தால் இம்பீடன்ஸ் முழுவதையும் இரட்டிப்பாக்கிவிட்டீர்கள். அதிர்வெண்ணோடு மாறுவது இண்டக்டரின் 40 மட்டுமே. 30 அப்படியே நிற்கும்.