ரிப் யார் வண்டியில்?

லைட் பாக்ஸுக்குள் இரண்டு துணித் துண்டுகளை ஒட்டி வைத்திருந்தார் குவாலிட்டி சிவகுமார். கடை வெளிச்ச பல்பைப் போட்டால் இரண்டும் ஒரே நேவி. பகல் வெளிச்சத்துக்கான டி65 பல்புக்கு மாற்றினால் கழுத்துக்கு வைக்கும் ரிப் மட்டும் லேசாகச் சிவப்படித்தது.

"பாத்துக்கங்க மேடம். பையர் இதைத் தொடவே மாட்டான்."

இருபதாயிரம் குழந்தைகள் டி-ஷர்ட். உடம்புப் பகுதிக்கான துணி, அதாவது பாடி, வெட்டிக் கட்டுக்கட்டாக மேசையில் கிடந்தது. தைக்கிற பவர் டேபிள் ஆட்கள் காலையிலேயே வந்து, கழுத்து இல்லை என்று தெரிந்ததும் டீ குடித்துவிட்டுப் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். பீஸ் ரேட் ஆட்கள், காத்திருந்தால் அவர்களுக்கு யார் கூலி கொடுப்பது? தூத்துக்குடியில் சரக்கை ஒப்படைக்க இன்னும் 9 நாள்தான்.

நான் டீம் லீடரான பிறகு அதுதான் முதல் ஆர்டர். ஆறு வருஷம் பழனிசாமி அண்ணனுக்குக் கீழே மெர்ச்சண்டைசராக இருந்தேன். அவர் ஓய்வு பெற்றபோது அவருடைய நாற்காலியும் ஒரு எக்செல் ஷீட்டும் எனக்கு வந்தன. டி அண்ட் ஏ என்று சொல்வோம். நூல் எப்போது, நிட்டிங் எப்போது, டையிங், கட்டிங், தையல், பேக்கிங் எப்போது என்று 46 வரி. பதினைந்து வருஷமாக ஓடிய ஷீட். அதில் கை வைக்க நான் யார்? தேதிகளை மட்டும் மாற்றி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பதினொரு கட்டைவிரல் வந்தது. பதினொரு பேரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

"சாயங்காலத்துக்குள்ள யார் தப்புன்னு எனக்குப் பேரு வேணும்," என்றார் முதலாளி.

ஷீட்டைப் பிரின்ட் எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். முதலில் வீரபாண்டி, டையிங். போகும்போதே பேர் எழுதியாகிவிட்டது. டையிங் மாஸ்டரேதான். பாடியையும் ரிப்பையும் ஒரே தொட்டியில் போட்டால்தான் நிறம் ஒட்டும். பாடியை மூன்று லாட்டாகப் பிரித்தால் ரிப்பையும் மூன்றாகப் பங்கு போட்டுக் கூடவே விட வேண்டும். நேற்று சேர்ந்த ஹெல்பருக்கும் தெரிந்த விஷயம் இது.

"ரிப் வரலீங்களே," என்றார் மாஸ்டர். "வராததை நான் எப்படிங்க போடறது?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாஸ்டர்?"

"சில ஆர்டருக்குக் கழுத்து வேற கலர்ல வருமுங்க. இதுவும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன். காத்திருந்து பாக்கலாம்னா, ஏழு நாள்ல முடிக்கணும்னு நீங்கதான் போட்டிருந்தீங்க. உங்க தேதி தப்பக்கூடாதுன்னு நைட்லயே முதல் லாட்டை ஏத்தினேன்."

அவர் கையில் என் ஷீட் இருந்தது. 19ஆவது வரியை மஞ்சள் ஹைலைட்டரால் பூசி வைத்திருந்தார். என் திட்டத்தை அவ்வளவு மரியாதையாக நடத்திய ஆள் வேறு யாரும் இல்லை. ரிப் வந்து சேர்ந்தபோது மூன்று லாட்டும் முடிந்துவிட்டது. தனியாகச் சின்ன மெஷினில் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அடுத்து நிட்டிங். பாடி முடிந்ததும் அவர்களே டையிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். ரிப் என்ன ஆச்சு?

"ரிப் வேற மெஷினுங்க அம்மிணி. நூத்திப் பத்து கிலோ, அஞ்சு ரோல். அதுக்கு நாங்க தனியா வண்டி வைக்கிறதில்லை. உங்க கம்பெனி வண்டிதான் வந்து எடுக்கும். எப்பவுமே அப்படித்தானுங்களே?"

அந்த ஐந்து ரோலும் ரெடியாகி ஆறு நாள் சுவர் ஓரமாக நின்றிருக்கின்றன. யாரோ அதன் மேல் டிபன் கேரியர்கூட வைத்திருந்தார்களாம்.

கம்பெனி வண்டி டிரைவர் முருகேசன் கேட்டுக்குப் பக்கத்தில் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் போன் பண்ணுவாருங்க மேடம். 'முருகேசா, ரிப் ரெடியாம், வர்ற வழியில ஏத்திக்க'ம்பாரு. இந்தத் தடவை யாரும் பண்ணலை."

அவர் குரலில் குறை எதுவும் இல்லை. மழை வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்கு ஒரு மாதிரி பயமாக இருந்தது. ஷீட்டை விரித்து மற்ற வரிகளையும் கேட்க ஆரம்பித்தேன். 'துணி உள்ளே: 12. கட்டிங்: 12.' கட்டிங் மாஸ்டர் அதைப் பார்த்துச் சிரித்தார். "வந்த துணியைப் பிரிச்சு ஒரு நாள் ஆறப் போடாம நான் கத்தி வைக்க மாட்டேன். வெட்டின பிறகு சுருங்கினா அளவுக்கு யாரு பொறுப்பு? அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்டேன்." ஷிப்பிங் பையனிடம் கடைசி வரியைக் காட்டினேன். நான் போட்டிருந்தது நம் வாசலை விட்டு லாரி கிளம்பும் தேதி. அவன் அதைத் துறைமுகத்தில் ஒப்படைக்கும் தேதியாக எடுத்துக்கொண்டு புக் செய்திருந்தான்.

ரிப் பிரச்சினையே இல்லாமல் இருந்திருந்தாலும் நாங்கள் தடுக்கித்தான் விழுந்திருப்போம்.

பழனிசாமி அண்ணனைக் கூப்பிட்டேன். பின்னால் பேத்தி அழுதுகொண்டிருந்தது.

"ஏண்ணா, ரிப்பை யாரு எடுக்கணும்னு ஷீட்ல எங்கயுமே இல்லையே?"

"ஷீட்லயா?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "அந்த ஷீட்டு பையருக்கு அனுப்பறதுக்கு கண்ணு. எனக்கெதுக்கு ஷீட்டு?"

நான் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறு வருஷமும் அவர் பக்கத்து மேசையில்தான் இருந்தேன். தினமும் காலை எட்டரை மணிக்கு அவர் போனை எடுத்து ஒரு மணி நேரம் ஊர் நியாயம் பேசுவார். யார் வீட்டில் காது குத்து, எந்த மெஷினில் ஊசி உடைகிறது, ரிப் என்னாச்சு, சாப்பிட்டாச்சா. பொழுது போகாமல் பேசுகிறார் என்று நாங்கள் பின்னால் சிரித்திருக்கிறோம்.

சாயங்காலம் முதலாளி கேட்டார். "யாரு?"

"எல்லாரும் அவங்கவங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்காங்க சார். நான்தான் யாரையும் கேட்காம ஷீட்டை அனுப்பிட்டேன்."

அவருக்கு அது பதிலாகப் படவில்லை. மூன்றாவது முறை போட்ட ரிப்தான் நிறம் ஒத்து வந்தது. பாதிச் சரக்கு கப்பலில் போனது, மீதி ஏர். அந்தச் செலவு ஆர்டரின் லாபத்தை முழுசாக விழுங்கியது. ஒரு வாரம் முதலாளி என்னிடம் நேராகப் பேசவில்லை. அக்கவுன்ட்ஸ் வழியாகத்தான் பேச்சு.

அடுத்த ஆர்டருக்கு ஷீட்டைக் குரூப்பில் போடவில்லை. எல்லாரையும் ஒரு புதன்கிழமை மத்தியானம் வரச்சொன்னேன். அவரவர் வரியை அவரவரே சத்தமாகப் படிக்க வேண்டும். அது தொடங்கும்போது கையில் என்ன இருக்க வேண்டும், முடிந்தது என்றால் என்ன அர்த்தம், இரண்டையும் சொல்ல வேண்டும். முதலில் எல்லாருக்கும் கூச்சம். பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது என்று கட்டிங் மாஸ்டர் முனகினார். டையிங் மாஸ்டர் மட்டும் ஒரு சீட்டு எழுதி எடுத்து வந்திருந்தார். 46 வரி 61 ஆனது. டீ இரண்டு தடவை வந்தது.

முருகேசனையும் கூப்பிட்டிருந்தேன். அவர் மீட்டிங் ரூமுக்குள் வருவது அதுதான் முதல் தடவையாம். கதவு ஓர நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார். முடிக்கப்போகும்போது மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"மேடம், ரிப்பை சனிக்கிழமை மத்தியானம் எடுக்கச் சொல்லிப் போட்டிருக்கீங்க. சனிக்கிழமை சம்பள நாளுங்க. ரெண்டு மணிக்கு மேல வண்டி ஹாஸ்டல் பொண்ணுங்களைச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போயிரும். அது உங்களுக்குத் தெரியுமுங்கல்ல?"

நான் மற்றவர்களைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியாதுங்க முருகேசண்ணா," என்று சொல்லி மூடிய லேப்டாப்பைத் திறந்தேன்.