ஷோரீல் 2025: 2டி கதாபாத்திர அனிமேஷன், ஓவியம்

வணக்கம். நான் 2டி அனிமேட்டர், ஓவியர். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தேன். 7 ஆண்டுகளாகச் சென்னையில் ஸ்டுடியோக்களுக்கும் நேரடி வாடிக்கையாளர்களுக்கும் வேலை செய்கிறேன். இந்த ரீல் 1 நிமிடம் 10 நொடி. முழுவதும் பார்க்க நேரமில்லை என்றால் 0:14-இல் வரும் அம்மி ஷாட்டை மட்டுமாவது பாருங்கள். நான் எப்படிப்பட்ட அனிமேட்டர் என்பது அதில் தெரிந்துவிடும்.

ஒரு பாட்டி அம்மியில் மிளகாய் அரைக்கிறாள். 6 நொடி, இரண்டு பிரேமுக்கு ஓர் ஓவியம் என்று டூஸில் வரைந்தது, நொடிக்கு 24 பிரேம் கணக்கில் மொத்தம் 72 ஓவியங்கள். இதற்காக எங்கள் அத்தை அரைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் படமெடுத்தேன். கைதான் தள்ளுகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். பிரேம் பிரேமாக ஓட்டிப் பார்த்தால் முதலில் அசைவது இடுப்பு. அடுத்து தோள், முழங்கை, கடைசியில்தான் குழவி. முன்னே போக 14 பிரேம், திரும்பி வர 8. மூன்றாவது தள்ளலுக்குப் பிறகு பாட்டி நிறுத்தி, ஓரத்தில் ஒதுங்கிய விழுதை விரலால் வழித்து நடுவில் சேர்க்கிறாள். வழிப்பதற்கு முன் 10 பிரேம் உடம்பு அசையாது. முந்தானை மட்டும் தணிந்து அடங்கும். முதல் வரைவில் அந்த நிறுத்தம் இல்லை. அசைவெல்லாம் வழுவழுவென்று இருந்தது, குழவிக்குக் கனமே இல்லை. நிறுத்தத்தைச் சேர்த்த பிறகுதான் கல் கல்லாயிற்று.

என் பாணி என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: கனமும் நிறுத்தமும். கோடு தடித்தும் மெலிந்தும் போகும். அதை நான் இழைத்துச் சமமாக்குவதில்லை. தஞ்சைப் பகுதியின் கருப்பூர் கலம்காரித் துணிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் இது. குச்சியால் இழுத்த கறுப்புக் கோட்டில் கையின் அழுத்தம் அப்படியே நிற்கும். நிறங்களும் அங்கிருந்தே வந்தவை: காவி, கறுப்பு, பழுத்த மஞ்சள், எங்காவது ஓரிடத்தில் நீலம்.

0:38-இல் ஒரு சிறுமி பேசுகிறாள். தமிழ் லிப் சிங்க் தேவைப்படுகிறவர்கள் இதைக் கவனித்துப் பாருங்கள். ஆங்கிலத்துக்காகச் செய்த வாய் வடிவ அட்டவணையை அப்படியே வைத்தால் தமிழ் வாயில் ஒட்டாது. நமக்குக் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுபவை. 'படம்' என்பதற்கும் 'பாடம்' என்பதற்கும் வாய் திறந்திருக்கும் நேரம் வேறு. நெடிலுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பிரேம் கொடுக்கிறேன். ப, ம வரும் இடத்தில் ஒலிக்கு ஒரு பிரேம் முன்பே உதடு மூடிவிடும். 'ழ'வுக்கு நாக்கு உள்ளே வளைவது வெளியில் தெரியாது. அதை வரைந்து காட்டினால் பொம்மை வாயாகிவிடும். டப்பிங்கை முதலில் பதிவு செய்து கொடுத்தால் இந்த வேலை மிக நன்றாக வரும்.

அன்றாடம் புழங்குவது டூன் பூம் ஹார்மனி. உறுப்புகளைத் தனித்தனியாக வரைந்து இணைத்து அசைக்கும் கட் அவுட் ரிக், அவற்றை வளைக்கும் டிஃபார்மர், கையால் வரைவது எல்லாம் அதில்தான். பிளெண்டரின் கிரீஸ் பென்சிலைக் கேமரா நகரும் ஷாட்டுகளுக்குப் பயன்படுத்துகிறேன். 0:51-இல் வரும் தேர் வீதி அப்படிச் செய்தது. ஓவியத்துக்கும் ஸ்டோரிபோர்டுக்கும் கிளிப் ஸ்டுடியோ பெயிண்ட். கம்போசிட்டிங் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில், நடுத்தர அளவுக்குச் செய்வேன். 3டி கதாபாத்திர அனிமேஷன் செய்வதில்லை.

ரீலில் எது யாருடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேர் வீதியின் பின்னணி ஓவியம் உடன் வேலை பார்த்த ஓவியருடையது. கேமராவும் கூட்டத்தின் அசைவும் என்னுடையவை. 1:02 ஷாட்டில் ரிக் ஸ்டுடியோ கொடுத்தது, அசைவு மட்டும் நான். மற்றவை எல்லாம் வடிவமைப்பு முதல் கடைசி பிரேம் வரை என் கை. முன்பு ஓரிடத்தில் நான் செய்த ஷாட்டுகளை வேறொருவர் தன் ரீலில் போட்டுக்கொண்டார். அந்த வலி தெரிந்ததால், ஒரு பிரேமைக்கூடக் கணக்குச் சொல்லாமல் விடுவதில்லை.

ரிக் வைத்துச் செய்தால் வாரத்துக்கு 25 நொடி வரை முடியும். அம்மி ஷாட் போல முழுக்கக் கையால் வரைந்தால் 5 நொடிதான். அதைக் கூட்டிச் சொல்லி வேலை வாங்க விரும்பவில்லை. திருத்தங்கள், ஸ்டோரிபோர்டை நேரக் கணக்கோடு ஓட்டிப் பார்க்கும் அனிமேட்டிக் கட்டத்தில் எத்தனை என்றாலும் பரவாயில்லை, அங்கே ஒரு மணி நேரத்தில் மாறும். இறுதிக் கோடு போடும் கிளீனப் தொடங்கிய பிறகு கதையை மாற்றினால் நாளும் கூலியும் கூடும். தொகை பேசி, முன்பணம் 40 சதவீதம் வந்த பிறகு தொடங்குவேன். பிஎன்ஜி சீக்வென்ஸாகவோ, ஆல்ஃபாவுடன் புரோரெஸ் 4444 ஆகவோ, ஹார்மனி கோப்புகளோடு ஒப்படைப்பேன்.

ஸ்டுடியோக்கள் தங்கள் மாடல் ஷீட்டில் டெஸ்ட் ஷாட் கேட்டால் 3 நொடி வரை கட்டணமின்றிச் செய்து தருகிறேன். இப்போது கையில் இருக்கும் படப்புத்தக வேலை மாத இறுதியில் முடிகிறது. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து முழு நேரமும் கிடைப்பேன்.