மாடி அறை

"தூங்கி எழுந்தா சரியாயிடுவான், வாடா" என்று மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். செல்வம் போகவில்லை. முத்துவைத் தட்டினான், கிள்ளினான்; அசைவே இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு மூச்சு வந்தால் அடுத்தது வர வெகுநேரம் ஆனது. வாந்தி எடுத்தால் அடைத்துக்கொள்ளுமே என்று அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழைத்தான்.

"என்ன குடிச்சாரு, எவ்வளவு?"

"பிராந்தி மேடம், முக்கால் பாட்டில் இருக்கும். எழுப்பினா எழ மாட்டேங்கிறான்."

வார்டனுக்கும் அவனே சொன்னான். சஸ்பெண்ட் பண்ணினால் பண்ணட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை முதுகைத் தாங்கிப் பிடித்தபடி ஒவ்வொரு மூச்சாக எண்ணினான்.

மறுநாள் அரசு மருத்துவமனையில் கண் விழித்ததும் முத்து கேட்டது ஒன்றுதான்: "வீட்டுக்குச் சொல்லிட்டியாடா?"

"வார்டன் சொல்லிட்டாரு. உங்கப்பா பஸ் ஏறிட்டாரு."