மணிமேகலையில் துறவு, பசி, அருள்: மந்திரமும் பாத்திரமும்

மணிபல்லவத் தீவில் மணிமேகலைக்கு இரண்டு பேறுகள் அடுத்தடுத்துக் கிடைக்கின்றன. முதலில் மணிமேகலா தெய்வம் மூன்று மந்திரங்களைத் தருகிறது. வேற்றுருக் கொள்ளவும் வான்வழி செல்லவும் உதவுபவை இரண்டு. மூன்றாவது பசியை அறுப்பது. மக்கள் யாக்கை உணவின் பிண்டம் என்று காரணம் சொல்லியே தெய்வம் அந்த மூன்றாவது மந்திரத்தைத் தருகிறது. அதன் பிறகு தீவைக் காக்கும் தீவதிலகை கோமுகிப் பொய்கையருகே அவளை அழைத்துச் செல்ல, முன்பு ஆபுத்திரன் கையிலிருந்த, அள்ளக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரம் அவள் கைக்கு வந்து சேர்கிறது. மந்திரம் அவள் பசிக்கு. பாத்திரம் பிறர் பசிக்கு. தன் பசி தீர்ந்ததும் அவளது தேவை முடிந்துவிட்டது என்று காப்பியத்தைப் பாடிய சாத்தனார் நினைத்திருந்தால், காப்பியத்துக்குப் பாத்திரமே வேண்டியிருக்காது. தனக்கென்று கேட்பதை விட்டவரே பிறர் பசியை முழுமையாகப் பார்க்க முடியும் என்பதுதான் இக்காப்பியத்தின் துறவுக் கொள்கை என இக்கட்டுரை கருதுகிறது.

துறவு மணிமேகலையிடம் முழு வடிவில் தொடங்கவில்லை. அது முதலில் தாயின் முடிவு. கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டுப் பௌத்தத் துறவி அறவண அடிகளின் அடி பணிந்த மாதவி, தன் மகளைக் கண்ணகியின் மகளாகவே சொல்கிறாள். மாபெரும் பத்தினி மகளான மணிமேகலை தவநெறியில் அன்றிக் கணிகையர் தொழிலில் இறங்கமாட்டாள் என்று தன் தாய் சித்திராபதியின் தூதாக வந்த வயந்தமாலையிடம் உறுதியாகக் கூறுகிறாள். ஆனால் மகளின் மனம் அவ்வளவு எளிதில் ஒடுங்கவில்லை. தன்னைப் பொருள்விலையாட்டி என்று இகழ்ந்த சோழ இளவரசன் உதயகுமரனை நினைத்து அவள் தோழி சுதமதியிடம் சொல்வது இது:

"புதுவோன் பின்றைப் போனதென் நெஞ்சம்
இதுவோ அன்னாய் காமத் தியற்கை"

துறவுக் காப்பியத்தின் நாயகியை இப்படிப் பேசவைக்க ஒரு புலவருக்குத் துணிவு வேண்டும். அவள் விட்டுவிலகப் போவது வெறும் பெயரளவான ஒன்றை அல்ல என்பதை இவ்வரிகள் நிறுவுகின்றன.

பசியைப் பற்றிக் காப்பியம் பேசும் இடங்களில் மிக வலியது பாத்திரம் பெற்ற காதை. தீவதிலகை சொல்கிறாள்:

"குடிப்பிறப் பழிக்கும் விழுப்பம் கொல்லும்
பிடித்த கல்விப் பெரும்புணை விடூஉம்
நாணணி களையும் மாணெழில் சிதைக்கும்
பூண்முலை மாதரொடு புறங்கடை நிறுத்தும்
பசிப்பிணி என்னும் பாவி"

இதில் வயிற்றைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. குடிப்பெருமை, கல்வி, நாணம், அழகு என்று மனிதன் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்ட ஒவ்வொன்றையும் பசி உருவிப் போடுகிறது. கடைசியில் மனைவியோடு அடுத்தவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. தொடர்ந்து, வற்கடத்தில் நாயூனை உண்ணத் துணிந்த முனிவனின் கதையும் சொல்லப்படுகிறது. துறவியின் தவமும் பசியின் முன் தாங்காது. துறவியும் மனைவி மக்களோடு வாழ்பவனும் பறிகொடுப்பதையெல்லாம் ஒரேபோல் பறிகொடுக்கிறார்கள். ஒருவர் விரும்பி விடுகிறார், மற்றவரிடமிருந்து அது பிடுங்கப்படுகிறது. இந்த வேறுபாட்டைச் சாத்தனார் ஒருபோதும் மறக்கவில்லை. ஏழையின் பட்டினியை அவர் தவமென்று புகழ்வதே இல்லை. இதை நான் இக்காப்பியத்தின் பெரிய நேர்மையாகக் கருதுகிறேன்.

"உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே" என்ற அடி புறநானூற்றின் 18ஆம் பாடலிலும் உண்டு. அங்கே குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம், நீர்நிலைகளைப் பெருக்கு என்று அறிவுறுத்துகிறார். இங்கே அதே அடி நாடும் படையும் இல்லாத ஓர் இளம்பெண்ணிடம் சொல்லப்படுகிறது. அரசனின் கடமையாக இருந்தது கையில் ஓடு ஏந்தியவளின் அறமாகிறது. இருப்பவர்க்குக் கொடுப்பவர்கள் அறத்தை விலைபேசுகிறார்கள். இல்லாதவரின் பசி களைவோரிடமே மெய்ந்நெறி வாழ்க்கை இருக்கிறது என்கிறாள் தீவதிலகை. பதிகம் சாத்தனாரைக் கூலவாணிகன் என்கிறது. தானியம் விற்றவர், கைம்மாறு கருதிய ஈகையை வணிகம் என்று ஒதுக்குவது தற்செயல் என்று தோன்றவில்லை.

மணிமேகலையின் மறுமொழியில் அருளின் வடிவம் தெரிகிறது. ஈன்ற குழவியின் முகம் கண்டு இரங்கிப் பால் சுரக்கும் தாயின் முலைபோல, இப்பாத்திரமும் பசித்தவர் முகம் கண்டு சுரப்பதைப் பார்க்க விரும்புகிறேன் என்கிறாள். தாயாகப் போவதில்லை என்று முடிவு செய்யப்பட்ட பெண்ணின் வாயில் இந்த உவமை வருகிறது. துறவு அவளிடமிருந்து தாய்மையைப் பறிக்கவில்லை. அதற்கு எல்லை இல்லாமல் செய்துவிட்டது. முதல் பிச்சையை, கற்புடைய இல்லறத்தாளான ஆதிரையிடம் பெறுவதும், அதைக் கொண்டு பன்னிரண்டு ஆண்டுகள் யானைத்தீ என்னும் தீராப் பசி நோயால் வாடிய காயசண்டிகையின் பசி தணிவதும் இதன் தொடர்ச்சி. துறவியின் ஈகை இல்லறத்தின் கையிலிருந்தே தொடங்குகிறது.

ஆபுத்திரன் கதைதான் இக்கொள்கையைக் கடுமையான சோதனைக்கு உட்படுத்துகிறது. பெற்றவள் கைவிட, ஒரு பசு பாலூட்டி உயிர்காத்த குழந்தை அவன். வேள்விப் பசுவை விடுவித்ததற்காக அந்தணர்களால் விரட்டப்பட்டு, மதுரை அம்பலத்தில் இரந்துண்டு, காணார், கேளார், கால்முடப்பட்டோர், பேணுநர் இல்லோர் அனைவரையும் அழைத்து ஊட்டியபின் எஞ்சியதைத் தான் உண்டவன். சிந்தாதேவி தந்த பாத்திரத்தால் அவன் அறம் பெருகியபோது, இந்திரன் மழை பொழிவித்துப் பாண்டிய நாட்டைச் செழிக்கச் செய்துவிடுகிறான். உண்பதற்கு ஆள் இல்லை. பசித்தவர் இல்லையே என்று அவன் வருந்துவது அருளா, தன் அறத்தின் மீதுள்ள பற்றா என்று கேட்கத் தோன்றும். காப்பியம் தரும் விடை தெளிவானது. மழையில்லாத சாவக நாட்டில் மக்கள் பசித்திருக்கிறார்கள் என்று கேட்டதும் அவன் கப்பலேறுகிறான். வழியில் ஆளற்ற மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபோது, கையில் அள்ளக் குறையாத பாத்திரம் இருக்கிறது. அவனோ,

"மன்னுயிர் ஓம்பும் இம்மாபெரும் பாத்திரம்
என்னுயிர் ஓம்புதல் யானோ பொறேஎன்"

என்று அதைக் கோமுகியில் விட்டு, உண்ணாமல் உயிர் துறக்கிறான். புகழ் மீது பற்றுள்ளவன் உயிரைக் காத்துக்கொண்டு அடுத்த கப்பலுக்குக் காத்திருந்திருப்பான்.

அருள் பகைவரையும் தொடுமா என்ற வினாவுக்குச் சிறை நிகழ்ச்சிகள் விடை சொல்கின்றன. சோழ மன்னன் வரம் கேட்கச் சொன்னபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கு என்று மட்டுமே அவள் கேட்கிறாள். உதயகுமரன் கொலையுண்டபின் அவன் தாய் இராசமாதேவி மணிமேகலையைச் சிறைப்படுத்தி, உணவின்றி வதைக்கிறாள். பசி அறுக்கும் மந்திரம் அவளுக்குப் பயன்படுவது இங்கேதான். உயிர் தப்பியவள் அரசியிடம் பழி பேசவில்லை:

"உடற்கழு தனையோ உயிர்க்கழு தனையோ"

என்று கேட்கிறாள். உயிருக்கு அழுதாய் என்றால் எவ்வுயிர்க்கும் இரங்கல் வேண்டும் என்கிறாள். தன்னை விரும்பியவனின் மரணத்தில் தானும் கலங்கியவள் என்பதால் இச்சொற்கள் போதனையாக மட்டும் ஒலிப்பதில்லை.

கச்சியில் பஞ்சம் பரவியிருந்தபோது அவள் பாத்திரம் அந்நகரை ஊட்டுகிறது. சமயக்கணக்கர்களின் வாதங்களைக் கேட்டு முடித்தவளுக்கு அறவண அடிகள் அளவையியலையும், பிறவித் துன்பத்தின் காரணத் தொடரான நிதானங்களையும் கற்பிப்பது அதற்குப் பிறகு. பவத்திறம் அறுக என்று அவள் நோற்பது முப்பதாம் காதையில். பசி தீர்க்கும் பணியைத் தத்துவத்தின் முன்னுரையாகக் கருதி விரைந்து கடப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முப்பது காதைகளில் பெரும்பகுதி அவள் பாத்திரத்தோடு நடக்கிறாள். நோன்பின் இறுதி நிலை கடைசியில்தான் அவளுக்குக் கிட்டுகிறது.